ஐஸ் க்ரூப்பில் கட்டைவிரல் சத்தத்தை நிறுத்திய அனுபவம்

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் ராத்திரி 8 மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் க்ரூப்பில் "நாளைக்கு யாருக்கு எத்தனை ஐஸ் பார் வேண்டும்?" என்று ஒரு மெசேஜ் போடுவேன். சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி, தேவனாம்பட்டினம் என்று சுற்றியுள்ள குப்பங்களின் போட் ஓனர்களும் டிரைவர்களுமாக அதில் தொண்ணூறு பேர் இருக்கிறார்கள். 10 மணிக்குள் கணக்கு என் கைக்கு வந்துவிட வேண்டும், அப்போதுதான் விடியற்காலை 3 மணிக்கு வரும் ஆட்கள் பார்களை எடுத்து உடைத்து வண்டியில் ஏற்ற முடியும். ஒரு போட்டுக்குப் பத்து பார் குறைந்தாலும் அந்த டிரைவர் பாதி கடலில் மீனை வைத்துக்கொண்டு தவிப்பார், அதனால் இந்த இரண்டு மணி நேரம் எனக்கு விளையாட்டு இல்லை.

பிரச்சினை இந்த இரண்டு மணி நேரத்தில்தான். போனை மேசையில் வைத்துவிட்டு சாப்பிட உட்கார்ந்தால் டிங், டிங், டிங். எடுத்துப் பார்த்தால் யாரோ என் மெசேஜுக்குக் கட்டைவிரல் போட்டிருப்பார். அடுத்தது இன்னொரு கட்டைவிரல். அடுத்தது ஒரு கும்பிடு. ஆர்டர் ஒன்றும் இல்லை. இப்படி இருபது முறை எடுத்துப் பார்த்த பிறகு யாருக்கும் கை ஓயும், நானும் போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் ராசாப்பேட்டை டிரைவர் ஒருவர் 9:40-க்கு என் மெசேஜுக்கு ரிப்ளையாக 15 பார் என்று போட்டிருந்தார், கவிழ்த்து வைத்த போனில் நான் அதைப் பார்க்கவே இல்லை. காலையில் அவருக்கு ஐஸ் இல்லை. "அண்ணே, நான் சொன்னேனே, பாருங்க" என்று போனை நீட்டினார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் இதைச் சரி செய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எண்ணிப் பார்த்தேன். ஒரு ராத்திரி 8 மணியிலிருந்து 9 மணி வரை என்னென்ன சத்தம் வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்: ரியாக்‌ஷன் 41, சும்மா டைப் செய்த மெசேஜ் 13, என் மெசேஜை இழுத்துப் போட்ட ரிப்ளை 6. அறுபது சத்தத்தில் நாற்பத்தொன்று கட்டைவிரல். அதே நேரத்தில் அதே க்ரூப்பில் இருக்கும் என் அக்கா மகனின் போனை வாங்கிப் பார்த்தால் அவனுக்கு ஒரு ரியாக்‌ஷன் சத்தம்கூட வரவில்லை. அங்கேதான் விஷயம் புரிந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜுக்கு யார் ரியாக்‌ஷன் போட்டாலும், அந்த அறிவிப்பு அந்த மெசேஜை அனுப்பியவருக்கு மட்டும்தான் போகும், க்ரூப்பில் மற்றவர்களுக்குப் போகாது. ஆக, க்ரூப்பில் யார் கேள்வி கேட்கிறாரோ, யார் அறிவிப்பு போடுகிறாரோ, அவர் தலையில்தான் மொத்தமும் விழும். மற்ற 89 பேருக்கும் இப்படி ஒரு தொல்லை இருப்பதே தெரியாது, அதனால் "கட்டைவிரல் போடாதீங்கப்பா" என்று சொன்னாலும் அவர்களுக்கு ஏன் என்று விளங்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பார்த்துவிட்டேன் என்று மரியாதையாகச் சொல்லும் வழிதானே அது.

முதல் முயற்சி தவறாகப் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதைத்தான் முதலில் செய்வார்கள். போனின் சொந்த செட்டிங்ஸுக்குப் போய், ஆப்களில் வாட்ஸ்அப்பைத் தேடி, அதன் நோட்டிபிகேஷன் பட்டியலில் `Group notifications` என்று இருந்ததை அணைத்துவிட்டேன். சத்தம் நின்றது, நிம்மதி. ஆனால் ரிப்ளையும் நின்றது, யாராவது என் பெயரைக் குறிப்பிட்டுக் கூப்பிட்டாலும் நின்றது, இந்த க்ரூப் மட்டும் இல்லாமல் வீட்டு க்ரூப், பள்ளிக்கூட க்ரூப் எல்லாம் சேர்ந்து ஊமையாகிவிட்டன. ஆண்ட்ராய்டில் அந்த இடம் ஒரு பெரிய குழாயை மொத்தமாக அடைப்பது போல, உள்ளே எது ரிப்ளை எது கட்டைவிரல் என்று அதற்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் திரும்பவும் ஆன் செய்துவிட்டேன்.

அப்புறம் வாட்ஸ்அப்புக்குள்ளேயே தேடினேன். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் `Settings`, அதில் `Notifications`. இந்தப் பக்கத்தை மெதுவாகக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே மாதிரி வரிகள் இரண்டு முறை வரும். மேலே `Messages` என்ற தலைப்பின் கீழ் டோன், வைப்ரேட் எல்லாம் இருந்து கடைசியில் `Reaction notifications` என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது தனிப்பட்ட சாட்டுக்கானது. இன்னும் கீழே போனால் `Groups` என்ற தலைப்பின் கீழ் அதே டோன், அதே வைப்ரேட், அதே `Reaction notifications`. க்ரூப்புக்கு இதைத்தான் அணைக்க வேண்டும். நான் அவசரத்தில் மேலே இருந்ததை அணைத்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று அடுத்த ராத்திரியும் கட்டைவிரல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐபோன் வைத்திருக்கும் எங்கள் முதலாளிக்கும் செய்து கொடுத்தேன், அங்கேயும் `Settings`, `Notifications` போனால் மெசேஜுக்கு ஒன்று, க்ரூப்புக்கு ஒன்று என்று இரண்டு சுவிட்ச் இருக்கிறது.

மேல் சுவிட்சை நான் திரும்ப ஆன் செய்து வைத்துக்கொண்டேன், இது யோசித்து எடுத்த முடிவு. முதலாளிக்குத் தனியாக அன்றைய கணக்கை அனுப்பினால் அவர் பதில் எழுத மாட்டார், ஒரு கட்டைவிரல்தான் போடுவார். அது எனக்கு "சரி, பார்த்துவிட்டேன், அப்படியே போகட்டும்" என்ற உத்தரவு. அந்த ஒரு கட்டைவிரல் எனக்குக் கேட்க வேண்டும். தொண்ணூறு பேர் க்ரூப்பின் கட்டைவிரல்தான் வேண்டாம். இரண்டும் தனித்தனி சுவிட்சாக இருப்பது எனக்கு நல்லதாகப் போயிற்று. ஆனால் ஒரு குறை இருக்கிறது: `Groups` கீழே இருக்கும் சுவிட்ச் எல்லா க்ரூப்புக்கும் சேர்த்து ஒன்றுதான். ஐஸ் க்ரூப்பில் மட்டும் ரியாக்‌ஷன் சத்தத்தை நிறுத்தி, வீட்டு க்ரூப்பில் மட்டும் வைத்துக்கொள்ள இதில் வழி இல்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் பேக்டரியில் ஒருவர் இதைக் கேட்டுப் பயந்தார். சுவிட்சை அணைத்தால் ரியாக்‌ஷன் போவது நிற்காது. அவர்கள் கட்டைவிரல் போடலாம், அது என் மெசேஜின் அடியில் எப்போதும் போல ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அதைத் தொட்டால் யார் யார் போட்டார்கள் என்று பெயரோடு வரும். சத்தம் மட்டும்தான் நிற்கிறது. யார் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றால் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த ஒரு மாற்றத்திலேயே அறுபது சத்தம் பத்தொன்பதாகக் குறைந்தது. ஆனால் அந்த 13 சும்மா மெசேஜ் இன்னும் இருந்தது. "இன்னைக்குக் காத்து எப்படி", "மத்தி என்ன விலை போச்சு" என்று இரண்டு பேர் பேசிக்கொள்வது. அதுவும் வேண்டாம், என்னை நேராகக் கேட்பது மட்டும் கேட்டால் போதும் என்று அடுத்த படிக்குப் போனேன்.

இங்கே இரண்டு வழி இருக்கிறது. 2025-இல் வாட்ஸ்அப் ஒரு புது வசதி கொண்டுவந்தது: க்ரூப்பின் பெயரைத் தொட்டு உள்ளே போய் `Notifications` திறந்தால் `Notify for` என்று இருக்கும், அதில் `All` என்பதை மாற்றி `Highlights` என்று வைக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது, வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. காரணம் தேட ஒரு நாள் பிடித்தது. `Highlights` என்றால் @ போட்டு நம் பெயரைக் குறிப்பிடும் மென்ஷன், நம் மெசேஜுக்கு வரும் ரிப்ளை, அத்தோடு நம் போனில் நம்பர் பதிந்து வைத்திருப்பவர்களின் மெசேஜும் சேர்த்துத்தான். நான் தொண்ணூறு பேர் நம்பரையும் போட் பெயரோடு பதிந்து வைத்திருக்கிறேன், கணக்கு எழுதுகிறவன் பதியாமல் இருக்க முடியுமா. ஆக எனக்கு எல்லோருமே ஹைலைட்தான். பாதிப் பேர் தெரியாத நம்பராக இருக்கும் அபார்ட்மென்ட் க்ரூப் மாதிரி இடங்களுக்கு இது உதவும், என் மாதிரி ஆளுக்கு உதவாது.

இரண்டாவது வழி பழையது, எளிதானது: க்ரூப்பை ம்யூட் செய்வது. அங்கே `8 hours`, `1 week`, `Always` என்று மூன்று கேட்கும், `Always` வைத்தேன். ம்யூட் என்றாலே எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் நானும் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன், அது தவறு. வாட்ஸ்அப்பில் ம்யூட் செய்த க்ரூப்பிலும் ஒருவர் என்னை மென்ஷன் செய்தாலோ, என் மெசேஜுக்கு ரிப்ளை போட்டாலோ சத்தம் வரும். மற்ற மெசேஜ்கள் சத்தம் இல்லாமல் வந்து சேரும். நான் தேடிக்கொண்டிருந்தது அப்படியே அதுதான்.

வேலை செய்கிறதா என்று சும்மா நம்பிவிடாமல் சோதித்தோம். என் போனில் வாட்ஸ்அப்பை மூடி, திரையை லாக் செய்து மேசையில் வைத்தேன். இது முக்கியம், க்ரூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால் நோட்டிபிகேஷன் எப்படியும் வராது, எல்லாம் சரியாக இருப்பது போல ஏமாற்றும். முதலில் நான் போட்ட மெசேஜுக்கு அக்கா மகன் கட்டைவிரல் போட்டான், சத்தம் இல்லை. "மாமா, டெஸ்ட்" என்று சும்மா டைப் செய்தான், சத்தம் இல்லை. என் மெசேஜை வலது பக்கம் இழுத்து ரிப்ளையாக "15" என்று போட்டான், டிங். ஒரு புது மெசேஜில் @ அடித்து, வந்த பட்டியலில் என் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினான், டிங். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் விட்டோம், எதற்கு எது ஒலித்தது என்று குழம்பாமல் இருக்க.

ஐந்தாவதாக ஒன்றும் செய்து பார்த்தோம், அது எதிர்பாராத பலனாக அமைந்தது. அவன் @ அடித்துவிட்டு பட்டியலில் தொடாமல் என் பெயரைக் கையால் முழுவதும் டைப் செய்து அனுப்பினான். சத்தம் வரவில்லை. பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தால்தான் அது மென்ஷன், பெயரின் நிறம் மாறியிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கையால் அடித்தது வெறும் எழுத்து.

எல்லாம் சரி என்று அன்று ராத்திரியே நடைமுறைக்குக் கொண்டுவந்தேன், மறுநாள் காலையில் இன்னொரு போட்டுக்கு ஐஸ் குறைந்தது.

இந்த முறை தவறு செட்டிங்ஸில் இல்லை. தாழங்குடா டிரைவர் ஒருவர் ரிப்ளை போடவில்லை, கீழே இருக்கும் பெட்டியில் "நமக்கு 12" என்று சும்மா டைப் செய்து அனுப்பியிருக்கிறார். மனிதருக்குப் பார்த்தால் அது என் கேள்விக்கான பதில்தான். ஆப்புக்கு அது க்ரூப்பில் வந்த ஒரு மெசேஜ், அவ்வளவுதான், என் மெசேஜோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. ம்யூட் இருக்கிறது, சத்தம் வரவில்லை. 10 மணிக்குக் கணக்கை மூடும்போது ஒரு முறை முழுக்க மேலிருந்து கீழே படித்தேன், ஆனால் அவருடையது 10:10-க்கு வந்திருந்தது. அவர் கோபப்படவில்லை, "நான் எப்பவும் போலத்தானே போட்டேன்" என்றார், நியாயம்தான்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது: என் போனில் என்ன மாற்றினாலும் பாதி வேலைதான் முடிகிறது, மீதிப் பாதி அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. அதனால் மறுநாள் பேக்டரி வாசலில் ஐஸ் ஏற்ற வந்த ஒவ்வொருவருக்கும் நேரில் காட்டினேன். க்ரூப்பில் எழுதிப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், போனைக் கையில் வாங்கிக் காட்டினால் மறக்க மாட்டார்கள். "அண்ணே, என் மெசேஜ் மேல விரலை வெச்சு வலது பக்கமா இழுங்க. கீழ என் மெசேஜ் சின்னதா வந்து ஒட்டும். அப்புறம் நம்பரைப் போடுங்க." அவ்வளவுதான். இழுக்க வராதவர்களுக்கு மெசேஜை அழுத்திப் பிடித்து மேலே வரும் வளைந்த அம்புக்குறியைத் தொடச் சொன்னேன். எழுதப் பிடிக்காத பெரியவர்கள் குரலில் பேசி அனுப்புவார்கள், அதற்கும் இதே வழி: முதலில் இழுத்து என் மெசேஜை ஒட்ட வைத்துவிட்டு அப்புறம் மைக்கைப் பிடித்துப் பேச வேண்டும். அப்படி வந்த குரல் மெசேஜும் ரிப்ளைதான், எனக்கு ஒலிக்கிறது.

ராத்திரி போடும் மெசேஜையும் மாற்றினேன். முன்பு ஒரு வரி கேள்வி மட்டும் இருக்கும். இப்போது இப்படிப் போடுகிறேன்: "நாளைக்கு ஐஸ் வேண்டியவர்கள் இந்த மெசேஜை வலது பக்கம் இழுத்து எண்ணிக்கையைப் போடவும். கட்டைவிரல் ஆர்டர் இல்லை. 10 மணியோடு கணக்கு முடிகிறது." நடு வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். ஏனென்றால் இரண்டு மூன்று பேர் கட்டைவிரல் போட்டுவிட்டு "நேத்து எடுத்த அளவே இன்னைக்கும்" என்று மனதில் வைத்துக்கொள்வார்கள் என்பது நேரில் பேசும்போதுதான் தெரிந்தது. முன்பு அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் ஊகித்து எழுதிக்கொண்டிருந்தேன் போல. சத்தம் நின்ற பிறகு அந்த ஊகமும் நின்றுவிடும், சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு நஷ்டம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப்பை மறந்துவிட்டேன், அது தனியாகக் கட்டைவிரல் காட்டிக்கொண்டே இருந்தது. போனில் அணைத்த ரியாக்‌ஷன் சுவிட்ச் அதற்குப் போய்ச் சேரவில்லை, அங்கேயும் நோட்டிபிகேஷன் செட்டிங்ஸில் தனியாக அணைக்க வேண்டியிருந்தது.

டெலிகிராமில் எங்களுக்கு ஒரு சின்ன க்ரூப் இருக்கிறது, வண்டி டிரைவர்களுக்கு. அங்கே `Settings`, `Notifications and Sounds` போய் `Reactions` என்பதை அணைத்து, க்ரூப்பை ம்யூட் செய்தேன். அங்கேயும் ம்யூட்டைத் தாண்டி ரிப்ளையும் மென்ஷனும் ஒலிக்கின்றன. ஒரே ஒரு கூடுதல் தொல்லை, யாராவது ஒரு மெசேஜை மேலேயே நிற்கும்படி பின் செய்தால் அதற்கும் அறிவிப்பு வரும், பின் செய்யும்போது எல்லோருக்கும் அறிவிக்க வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் வேண்டாம் என்று வைக்கும்படி மேஸ்திரியிடம் சொல்லி வைத்தேன்.

கடைசியாக மாட்டியது ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் லீவு, முதலாளியின் தம்பி அவர் நம்பரில் இருந்து கேள்வியைப் போடுவார். கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் ஆர்டர்களை நான்தான் வீட்டிலிருந்து எழுத வேண்டும், ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை. சரிதானே, அவர் மெசேஜுக்கு வரும் ரிப்ளை அவருக்குத்தான் ஒலிக்கும், எனக்கு அது அடுத்தவர் பேச்சு. இதற்கு செட்டிங்ஸில் வழி தேடி நேரத்தை வீணாக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் 8 மணிக்கு என் போனில் இருந்தே போட்டுவிடுகிறேன், இரண்டு நிமிட வேலை.

உண்மையான சோதனை தடைக்காலம் முடியும்போது வந்தது. எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, அதுவரை பைபர் போட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் ஓடும். ஜூன் 14 ராத்திரி எல்லா விசைப்படகும் ஒரே நேரத்தில் கேட்கும், வருடத்திலேயே பெரிய ராத்திரி. அன்று 8 மணிக்கு மெசேஜ் போட்டுவிட்டு சாப்பிட உட்கார்ந்தேன். 10 மணிக்குத் திறந்து பார்க்கும்போது மெசேஜின் அடியில் 58 ரியாக்‌ஷன் இருந்தது, ஒன்றும் ஒலிக்கவில்லை. ரிப்ளை 34, ஒவ்வொன்றும் ஒலித்தபோதே நோட்டில் ஏறியிருந்தது. சும்மா டைப் செய்த ஆர்டர் இரண்டு, இரண்டும் தடைக்காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுடையது, 10 மணிக்கு மேலிருந்து கீழே படிக்கும்போது பிடித்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை அவர்கள் இரண்டு பேரும் ஐஸ் ஏற்ற வந்தபோது வாசலிலேயே போனை வாங்கி எப்படி இழுப்பது என்று காட்டினேன்.